பயமா, சிரிப்பா, கணக்கா? விளம்பரத்தில் எதைத் தொட்டுப் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நோட்டீஸ், சுவர் விளம்பரம், ஆட்டோ அறிவிப்பு எழுதிக் கொடுப்பது என் தொழில். எங்கள் தொழிலில் ‘அப்பீல்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு விளம்பரம் மனதில் எந்த இடத்தைத் தொட்டுப் பேசுகிறது என்பதுதான் அது. அதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பயத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதிகம் தப்பாகக் கையாளப்படுவது அதுதான்.

பயமுறுத்தினால் ஜனங்கள் கேட்பார்களா, மாட்டார்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

கேட்பார்கள், அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே அவர்களால் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் வைத்தால். வைக்காவிட்டால் பயப்படுவார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1965-ல் ஹவர்ட் லெவன்தாலும் அவருடைய சகாக்களும் யேல் பல்கலைக்கழகத்தின் கடைசி வருட மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசி பற்றிய சிறு புத்தகம் கொடுத்தார்கள். சிலருக்கு நோயின் கொடுமையைப் படங்களோடு விவரித்த புத்தகம், சிலருக்கு அமைதியாகச் சொன்ன புத்தகம். பயங்கரமான புத்தகத்தைப் படித்தவர்கள் உண்மையிலேயே பயந்தார்கள், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் போய் ஊசி போட்டவர்கள் 100-க்கு 3 பேர் அளவில்தான். இன்னொரு பிரிவினருக்கு அதே புத்தகத்தோடு கல்லூரி வளாகத்தின் வரைபடமும் இருந்தது. சுகாதார நிலையத்தை அதில் வட்டமிட்டுக் காட்டி, உங்கள் வகுப்பு அட்டவணையைப் பார்த்து எந்த நேரத்தில் போவீர்கள் என்று முடிவு செய்யுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர்களில் போனவர்கள் 100-க்கு 28 பேர் அளவில். அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று கடைசி வருட மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. குறைந்திருந்தது தகவல் இல்லை. பயத்திலிருந்து காலை எடுத்து வைக்க ஒரு படிதான் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் ஊசி போட்டவர்களின் எண்ணிக்கையை மாற்றியது பயத்தின் அளவு இல்லை, அந்த வரைபடமும் நேரமும்தான்.

பயம் கூடக் கூடப் பலனும் கூடத்தானே வேண்டும்? பிறகு ஏன் ஆட்கள் கண்டுகொள்ளாமல் போகிறார்கள்?

பயந்தவர் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஆபத்தைக் குறைப்பது. இன்னொன்று, பயத்தைக் குறைப்பது. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்று இல்லை. ஆபத்தைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும். பயத்தைக் குறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாலே போதும்.

கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-ல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். அவர் சொல்லும் வரிசை இது. செய்தியைக் கேட்பவர் முதலில் ‘இது பெரிய ஆபத்தா, எனக்கு வருமா’ என்று பார்க்கிறார். இல்லை என்று பட்டால் அங்கேயே விட்டுவிடுவார், பயமும் வராது. ஆமாம் என்று பட்டால்தான் அடுத்த கேள்விக்கு வருவார்: ‘இவர்கள் சொல்கிற வழி பலிக்குமா, அதை என்னால் செய்ய முடியுமா?’ முடியும் என்று தோன்றினால் ஆபத்தைக் குறைக்கும் பக்கம் போவார். முடியாது என்று தோன்றினால் பயத்தைக் குறைக்கும் பக்கம் போவார். ‘எல்லாம் விதிப்படி நடக்கும்’, ‘எங்க தாத்தா அத்தனை சுருட்டு குடிச்சும் நல்லா இருந்தாரு’, ‘இவனுங்க காசுக்காகப் பயமுறுத்துறானுங்க’ என்றெல்லாம் நாம் கேட்பது அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பேச்சுதான். அவர் நம் செய்தியை நம்பாததால் அப்படிப் பேசவில்லை. நம்பியதால்தான் பேசுகிறார்.

இதற்கு நம் கண் முன்னாலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சிகரெட், பீடி, குட்கா பாக்கெட்டின் மேல் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதி 2016-ல் நடைமுறைக்கு வந்தது. படம் பயங்கரம்தான், ஆனால் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. 2018 செப்டம்பரிலிருந்துதான் ‘இன்றே விடுங்கள், அழையுங்கள் 1800-11-2356’ என்ற வரி அதோடு சேர்ந்தது. அந்த இலவச எண்தான் படத்தின் பக்கத்தில் வைத்த வழி.

சர்க்கரை நோயாளிகளுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். ‘பார்வை போய்விடும்’ என்று பெரிய எழுத்தில் போட்டும் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வரவே மாட்டேன் என்கிறார்கள். இன்னும் பயங்கரமாகப் போடலாமா?

வேண்டாம். இதே மாதிரி ஒரு முகாமுக்கு நான் எழுதியிருக்கிறேன். எங்கே இடறினேன், எப்படி மாற்றினேன் என்று முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் அடித்த நோட்டீஸில் சிவந்த கண் ஒன்றின் படம். கீழே: ‘எச்சரிக்கை! சர்க்கரை நோய் உங்கள் கண்ணைப் பறிக்கும்! இருட்டில் விழுவதற்கு முன் விழித்துக்கொள்ளுங்கள்!’ அதற்கும் கீழே சிறிய எழுத்தில் தேதியும் இடமும். செவ்வாய்க்கிழமை காலை 10 மணி.

கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து சிவதாபுரம் பக்கம் ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மூக்குக் கண்ணாடியோடு சலங்கை மணிகளை ஒவ்வொன்றாகக் கொலுசில் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பையன் அரம் போட்டுக்கொண்டிருந்தான். விழுகிற வெள்ளித் தூளைச் சேர்க்கக் கீழே விரித்திருந்த காகிதம் எங்கள் நோட்டீஸ். படம் கீழே பார்த்தபடி, வெள்ளைப் பக்கம் மேலே. சுருக்கம் விழாமல் நன்றாக நீவி விரித்திருந்தார்கள்.

முகாமுக்கு வரவில்லையா என்று பெரியவரைக் கேட்டேன். ‘கண்ணு போயிடும்னு தெரியும்ங்க. எங்க மாமாவுக்கே போச்சு. மருந்து ஊத்துனா அன்னிக்குப் பூரா மசமசன்னு இருக்கும், பீஸ் கணக்குல கூலி வாங்குறவன் ஒரு நாளை எப்படி விடுறது? வண்டி ஓட்டிட்டு வீட்டுக்கும் போக முடியாது. அப்புறம் பார்த்துட்டு ஆபரேஷன்னு சொல்லிட்டா?’ என்றார். பக்கத்தில் கொலுசுக் கண்ணிகளைப் பத்த வைத்து ஒட்டிக்கொண்டிருந்த இன்னொருவருக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறதாம். அவர் சொன்னது வேறு: ‘எனக்குப் பொடிக் கண்ணிகூடப் பளிச்சுன்னு தெரியுதுங்ண்ணா. நான் எதுக்கு வரணும்?’

இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்ததுதான் என் தப்பு. பெரியவருக்குப் பயம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அவரிடம் இல்லாதது வழி. அவருக்கு இன்னொரு சிவந்த கண்ணைக் காட்டினால் காகிதத்தைக் கவிழ்த்துப் போடுவார், போட்டார். இளையவருக்குப் பயமே வரவில்லை. பார்வை போகும் என்பதை அவர் மறுக்கவில்லை, ‘எனக்கு இல்லை’ என்றுதான் நினைக்கிறார். அப்படி நினைப்பதற்கு அவரிடம் நல்ல காரணமும் இருக்கிறது, கண் தெளிவாகத் தெரிகிறதே! சர்க்கரையால் விழித்திரை பழுதாகத் தொடங்கும்போது பார்வை மங்காது, வலியும் இருக்காது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. பயங்கரப் படம் அந்தச் செய்தியைச் சொல்லவே இல்லை. சொல்லப்போனால் தலைகீழாகச் சொன்னது. ஆபத்து என்றால் கண் இப்படிச் சிவந்திருக்கும் என்று காட்டியது, அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார், சிவக்கவில்லை.

அப்புறம்தான் முகாம் நடத்துபவர்களிடம் திரும்பப் போனேன். எழுத்தை மாற்றினால் மட்டும் பத்தாது, முகாம் நாளையும் மாற்றுங்கள் என்று கேட்டேன். ஞாயிறு மாலைக்கு மாற்றினார்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் விரிய அரை மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு பொதுவாக 4 முதல் 6 மணி நேரம்வரை கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். ஞாயிறு மாலை விட்டால் அந்த நேரம் தூக்கத்தோடு போய்விடும். திங்கட்கிழமைக் கூலி போகாது. விளம்பரம் எழுதுபவன் இதையெல்லாம் கேட்கலாமா என்றால், கேட்டே ஆக வேண்டும். செய்ய முடியாத ஒரு காரியத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது செய்ய முடியாததுதான்.

இரண்டாவது நோட்டீஸ் இப்படி வந்தது:

> பொடிக் கண்ணியும் பளிச்சென்று தெரிகிறதா? சந்தோஷம். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அது மட்டும் போதாது.
>
> விழித்திரை பழுதாகத் தொடங்கும்போது வலிக்காது, மங்காது. உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.
>
> ஞாயிறு மாலை 4 மணி முதல் 7 மணி வரை. சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். இரவு வரை மங்கலாக இருக்கும். காலையில் வழக்கம்போல் வேலைக்கு உட்காரலாம்.
>
> வண்டி ஓட்ட ஒருவரைக் கூட்டி வாருங்கள். அன்று பரிசோதனை மட்டும்தான், ஆபரேஷன் கிடையாது.
>
> நான் வரும் நேரம்: ______ என்னுடன் வருபவர்: ______

படம் வைக்கவில்லை. முதல் வரி இளையவருக்கு, நடுவில் இருப்பவை பெரியவருக்கு. கடைசி வரியில் இருக்கும் கோடுகள்தான் யேல் மாணவர்களுக்குக் கொடுத்த அந்த வரைபடம். கொடுக்கும் ஆளிடம் ஒரு பேனாவும் கொடுத்து அனுப்பினேன், அங்கேயே கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

இதில் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. ‘வலிக்காது, மங்காது, உள்ளே பார்த்தால்தான் தெரியும்’ என்பதை விடச் சர்க்கரை உள்ளவரை யோசிக்க வைக்கிற வரி எனக்குத் தெரியாது. சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

புது நோட்டீஸ்தான் வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? நாளை மாற்றியதால் வந்திருக்கலாமே?

வந்திருக்கலாம், அதனால்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எழுத்துக்குப் பெருமை தேடக் கூடாது. சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரே முகாமுக்கு, ஒரே நாளுக்கு, இரண்டு விதமாக எழுதி அடியுங்கள். ஒன்று மஞ்சள் தாள், ஒன்று வெள்ளைத் தாள், ஒவ்வொன்றிலும் 400. ஒரு தெருவுக்கு மஞ்சள், அடுத்த தெருவுக்கு வெள்ளை என்று கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் தெருவுக்கும் தெருவுக்கும் உள்ள வித்தியாசம் வந்து கலந்துவிடும். ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டி, பட்டறைக்குப் பட்டறை மாற்றிக் கொடுங்கள். வரும்போது நோட்டீஸைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசலில் நிறத்தை எண்ணினால் போதும்.

எண்ணிய பிறகும் அவசரப்படாதீர்கள். 400-க்கு 9 மஞ்சள், 14 வெள்ளை என்று வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தற்செயலாகவே அவ்வளவு ஏறி இறங்கும். 6-ம் 22-ம் என்றால் நம்பலாம்.

இன்னொன்று. ‘நோட்டீஸ் எப்படி இருந்தது?’ என்று யாரையும் கேட்காதீர்கள். பயங்கரமான விளம்பரத்தைத்தான் எல்லோரும் ‘ரொம்ப பவர்ஃபுல்’ என்பார்கள். அமெரிக்காவில் 1953-ல் ஜானிஸும் ஃபெஷ்பாக்கும் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பு பற்றி மூன்று விதமாகப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். சொத்தையையும் சீழையும் காட்டி அதிகம் பயமுறுத்திய பாடத்தைத்தான் மாணவர்கள் அதிகம் ஆர்வத்தோடு கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, சொன்னபடி நடக்க ஆரம்பித்தவர்கள் அதிகம் இருந்தது மிகக் குறைவாகப் பயமுறுத்திய வகுப்பில். ரசிப்பை எண்ணாதீர்கள், வந்தவர்களை எண்ணுங்கள்.

ஏற்காடு மலைப் பாதையில் வேகமாக இறங்கும் பையன்களுக்காக ஒரு போர்டு. விபத்துப் படம் போடலாமா?

அந்த வயதில் சாவு என்பது மற்றவர்களுக்கு வருவது. விபத்துப் படம் பார்த்தால் ‘அவனுக்கு ஓட்டத் தெரியல’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆபத்து பெரியது என்று ஒப்புக்கொள்வார்கள், தனக்கு வரும் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண் முகாமில் பார்த்த அந்த இளையவர் கதைதான் இதுவும்.

20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த இறக்கத்தில் உண்மையில் நடப்பது என்ன என்று பாருங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள், எஞ்சினையே அணைத்துவிட்டும் இறங்குகிறார்கள். வண்டியை இழுத்துப் பிடிக்க எஞ்சின் இல்லாததால் பாரம் முழுவதும் பிரேக்கில் விழுகிறது. அழுத்தி அழுத்தி அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கும் இது நடக்கும். ஆகவே நான் எழுதுவதாக இருந்தால் மேலே, இறக்கம் தொடங்கும் இடத்தில், இப்படி எழுதுவேன்: ‘ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் பிரேக் சூடாகும், பிடிக்காது.’ மலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்கிற பேச்சுதான். படித்த மறு நொடியே கையாலும் காலாலும் செய்துவிடலாம். நடு வளைவில் கோரப் படம் வைத்தால் அதைப் பார்க்கத் திரும்புவதே ஆபத்து.

ஹெல்மெட்டுக்கு என்றால் வேறு நூலைப் பிடிப்பேன். அந்த வயதுக்கு உயிரை விட மானம் பெரியது. பல்லுடைந்த முகத்தோடு கல்லூரிக்குப் போவது, அம்மாவை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார வைப்பது, இதெல்லாம் அவர்களுக்கு உறைக்கும். பயம் ஒன்றுதான், எதை இழப்பதற்குப் பயப்படுகிறார் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

எங்களுடையது காபித்தூள் கடை. சிரிப்பு வீடியோ ஒன்று எடுத்தோம். எல்லோரும் ரசித்துப் பகிர்ந்தார்கள். கடைப் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. என்ன தப்பு?

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மாமியார் மருமகள் சண்டை, கடைசியில் மாமியார் வழுக்கி விழுகிறார், அப்புறம் காபி டம்ளர். நன்றாக நடித்திருக்கிறார்கள். டம்ளரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தலைவலித் தைலத்தை வைத்துப் பாருங்கள். கதை கொஞ்சமும் மாறாது. அதுதான் தப்பு. சிரிப்பு கவனத்தை இழுக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இழுத்த கவனத்தைத் தானே தின்றுவிடும். எங்கள் தொழிலில் இதை விளம்பரத்தின் ரத்தக் காட்டேரி என்பார்கள்.

சிரிப்பு வரும் இடமும் உங்கள் சரக்கைப் பற்றிய செய்தி வரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் தூளில் என்ன விசேஷம் என்று கேட்டபோது ‘ஏற்காட்டுக் கொட்டை, கடையிலேயே வறுத்து அரைக்கிறோம், வாசனை தெரு முனை வரைக்கும் வரும்’ என்றீர்கள். அப்படியென்றால் சிரிப்பு வாசனையிலிருந்து பிறக்க வேண்டும். ஒரு பஸ் உங்கள் கடைக்கு முன்னால் நிற்கிறது. ஸ்டாப் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் மூக்கு மட்டும் முதலில் விழிக்கிறது, கண் அப்புறம். கண்டக்டர் ‘வறுக்குறாங்க, இறங்குறவங்க இறங்குங்க’ என்கிறார். இந்தக் கதையில் காபியை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அதை யாரிடம் சொன்னாலும் காபிக் கடையைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

ஏற்கெனவே உங்களைப் பிடித்தவர்களிடம் சிரிப்பு நன்றாக எடுபடும். உங்களைப் பற்றித் தெரியாதவரிடமும் ஓரளவு எடுபடும். உங்கள் மேல் ஏதாவது மனக்குறை உள்ளவரிடம் எடுபடாது. ‘சிக்கரி அதிகம் கலக்குறாங்க’ என்று ஒரு பேச்சு ஊரில் இருந்தால், அதற்குச் சிரிப்பு பதில் இல்லை. காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் பெரிதாகப் போடுங்கள்.

ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் மாதிரி விஷயத்தில் சிரிப்பே கூடாதா?

வெட்கத்தால் பேசாமல் இருக்கிற விஷயங்களுக்கு மெல்லிய சிரிப்பு நல்ல மருந்து. குறட்டை, மூலம், காது கேட்காமை இப்படி. சிரிப்பு அந்த நிலைமையைப் பார்த்து வர வேண்டும், நோயாளியைப் பார்த்து வரக் கூடாது. அவருடைய மகன் அந்த விளம்பரத்தை அவர் எதிரிலேயே சத்தமாகப் படிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கொலுசுக் கடை வைத்திருக்கிறேன். தரம், விலை என்று கணக்காகப் பேசுவதா, குழந்தையின் முதல் கொலுசு என்று மனதைத் தொடுவதா?

யார் வாங்குகிறார், அவர் இப்போது எவ்வளவு யோசிக்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது.

பெட்டி, காசியோப்போ, ஷூமன் மூவரும் 1983-ல் ஷேவிங் ரேசர் விளம்பரத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலரிடம் ‘இது சீக்கிரம் உங்கள் ஊரில் விற்பனைக்கு வரும், கடைசியில் நீங்கள் ஒரு ரேசர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்’ என்றார்கள். மற்றவர்களுக்கு அந்த ரேசரால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. ரேசரை எடுக்கப்போகிறவர்கள் விளம்பரத்தில் சொன்ன காரணங்கள் வலுவானவையா சொத்தையா என்று பார்த்தார்கள். பிரபலமான முகம் அவர்களை அசைக்கவில்லை. ஆகப்போவது ஒன்றும் இல்லாதவர்களிடம்தான் பிரபலமான முகம் வேலை செய்தது.

செவ்வாய்ப்பேட்டைக்கு வெளியூரிலிருந்து மொத்தக் கொள்முதலுக்கு வருகிறவர் அந்த ரேசரை எடுக்கப்போகிறவர் மாதிரி. அவருக்கு டச் என்கிற வெள்ளியின் சுத்தம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, விற்காத அளவைத் திருப்பி எடுப்பீர்களா, எத்தனை நாளில் அனுப்புவீர்கள், இவை போதும். பிஞ்சுப் பாதம் படம் போட்ட கார்டை நீட்டினால், சொல்ல வேண்டியதை மறைக்கிறார்களோ என்று நினைப்பார்.

பேத்திக்கு முதல் கொலுசு வாங்க வருகிற பாட்டி வேறு. ‘வீடு பூரா சத்தம் கேட்கணும்’ என்றுதான் வருகிறார். அவரைக் கடைக்குள் கூட்டி வருவது அந்தச் சத்தம். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அதே பாட்டி கணக்குக்கு மாறிவிடுவார். எடை போடும்போது தராசைப் பார்ப்பார், பழைய வெள்ளிக்கு என்ன பிடிப்பீர்கள் என்று கேட்பார். அதனால் தெருவில் இருக்கும் போர்டில் சலங்கை ஒலியும், கடைக்குள் கல்லாவுக்குப் பக்கத்தில் டச், செய்கூலி, மாற்று விலைப் பட்டியலும் வையுங்கள். உணர்ச்சியா கணக்கா என்று ஒரே முடிவாக எடுக்க வேண்டியதில்லை, எந்த இடத்தில் எது என்று பிரித்தால் போதும்.

தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கிறேன். ‘உங்கள் குழந்தை விஷம் குடிக்கிறது’ என்று போட்டால் விற்கும் என்கிறார் எங்கள் டீலர். போடலாமா?

கூடாது. அந்த வீட்டுத் தண்ணீரை நீங்கள் சோதிக்கவில்லை, விஷம் என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இல்லை. ஒரு தாயின் மனதில் அந்தப் பயத்தைப் போட்டுவிட்டுக் காசு வாங்குவதை நான் தொழிலாக நினைக்க மாட்டேன். வேண்டுமானால் தண்ணீரை இலவசமாகச் சோதித்துக் கொடுங்கள், வந்த எண்ணை அப்படியே காட்டுங்கள். நல்ல தண்ணீராக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருந்து விற்பவர்களுக்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. மருந்து மற்றும் மாய வைத்தியம் தொடர்பான 1954-ஆம் ஆண்டுச் சட்டம், சர்க்கரை நோய் உட்பட அதன் பட்டியலில் இருக்கும் நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. ‘கால் அழுகும்’ என்று பயமுறுத்திவிட்டு ‘எங்கள் சூரணம் 48 நாளில் தீர்க்கும்’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை.

கண் முகாமுக்கு அடுத்த வருடமும் அதே நோட்டீஸை அடிக்கலாமா?

போன முறை வராதவர்களுக்கு அடிக்கலாம். வந்தவர்களுக்கு வேண்டாம். சர்க்கரை உள்ளவர் பொதுவாக வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முகாமிலேயே டாக்டர் சொல்லியிருப்பார். அவர்களுக்கு ஆபத்தும் தெரியும், வழியும் தெரியும், மருந்து விட்டால் திங்கட்கிழமை வேலைக்கு உட்கார முடியும் என்பதையும் அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு எதிரி மறதி மட்டும்தான். மறப்பவரைப் பயமுறுத்தி என்ன பயன்?

முகாம் முடிந்து போகும்போதே ஒவ்வொருவர் கையிலும் சட்டைப் பைக்குள் போகிற அளவில் ஓர் அட்டை கொடுங்கள். அதில் அவர் பெயர், இன்று பார்த்த தேதி, அடுத்த வருடம் வர வேண்டிய மாதம். நான் இதைச் சொன்னபோது அந்தப் பெரியவர்தான் ஒரு திருத்தம் சொன்னார். ‘மாசம் எழுதுனா மறந்துடுவோம்ங்க. ஆடிப் பண்டிகை முடிஞ்ச அடுத்த ஞாயிறுன்னு எழுதுங்க. கோட்டை மாரியம்மன் பண்டிகை எந்த வருசமும் எங்களுக்கு மறக்காது.’ அப்படியே எழுதினோம்.